பத்து நாள் கெடுவும் ஏழு தடவை அணைந்த லேப்டாப்பும்

வீட்டுக்கென்று ஒரு லேப்டாப் வாங்கினோம், மகள் படிக்கவும் நான் வீட்டுக் கணக்கு பார்க்கவும். 3ஆம் தேதி பெட்டி வந்தது. மறுநாள் இரவு மகள் கட்டுரை ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்தது. "அம்மா, இது செத்துப்போச்சு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். நீலத் திரை வரவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. விசிறிச் சத்தமும் நின்றிருந்தது. சார்ஜர் செருகியிருந்த பக்கத்தில் சின்ன விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் நல்ல பிள்ளையாக எழுந்துவிட்டது.

புதுசு, ஏதோ அப்டேட் ஓடியிருக்கும் என்று விட்டுவிட்டேன். 5ஆம் தேதி காலையில் மறுபடி அணைந்தது. இந்தத் தடவை சார்ஜர் இல்லை, பேட்டரி 82 சதவீதம் இருந்தது. 6ஆம் தேதி மாலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை.

விற்பனையாளரின் விதிப்படி பொருள் கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்தப் பத்து நாளில் எனக்கு உருப்படியாகப் பயன்பட்டது கடைசி மூன்று நாள்தான். முதல் நாட்கள் எப்படிப் போயின என்பதைச் சொல்லிவிட்டால், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது அந்த நாட்கள் மிச்சமாகும்.

முதலில் செய்தது, 5ஆம் தேதி போன் போட்டுக் கத்தியது. எதிர்முனையில் பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். "குறிச்சுக்கிட்டோம் மேடம்" என்றார். எங்கே குறித்தார், என்ன குறித்தார் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் கழித்து வேறொருவரிடம் பேசியபோது அப்படி ஒரு புகாரே பதிவில் இல்லை.

அடுத்தது 6ஆம் தேதி இரவு எழுதிய மின்னஞ்சல். அதை இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. "புதுப் பொருள் என்று நம்பி வாங்கினால் குப்பையைத் தலையில் கட்டிவிட்டீர்கள், மதர்போர்டு போயிருக்கிறது, உடனே நடவடிக்கை எடுக்கவும்." ஆர்டர் எண் இல்லை. எப்போது அணைந்தது, எத்தனை தடவை என்று ஒரு வரி இல்லை. என்ன நடவடிக்கை வேண்டும் என்றும் சொல்லவில்லை. பணமா, மாற்றுப் பொருளா? எனக்கே அப்போது தெரியாது. இதில் பெரிய தவறு கோபம்கூட இல்லை, அந்த மதர்போர்டு என்ற சொல். பழுது இன்னது என்று நானே தீர்ப்பு எழுதியதும் அவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. "மதர்போர்டு பழுதா என்பதைத் தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் பிறகே சொல்ல முடியும். அதற்கு முன் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு, லேப்டாப்பை ரீசெட் செய்து பார்க்கவும்" என்று 7ஆம் தேதி பதில் வந்தது. மேலுக்குப் பார்த்தால் நியாயமான பதில். ஆனால் கெடு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ரீசெட் செய்ய உட்கார்ந்தேன். அப்போதுதான் தம்பி வேறு எதற்கோ போன் செய்தான். அவனுக்குக் கணினிதான் தொழில். விஷயத்தைக் கேட்டதும், "அக்கா, ரீசெட் பண்றதுக்கு முன்னாடி லாக் எடுத்து வெச்சுக்கிட்டீங்களா?" என்றான். என்ன லாக்? "லேப்டாப் செத்த கதையெல்லாம் விண்டோஸ் தன் பாட்டுக்கு எழுதி வெச்சிருக்கும். ரீசெட் பண்ணினா அதுவும் சேர்ந்து போயிடும். அப்புறம் உங்க வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்."

அவன் போனில் இருக்க, ஸ்டார்ட் மெனுவில் `eventvwr` என்று தட்டி Event Viewer-ஐத் திறந்தேன். அதில் Windows Logs, அதற்குள் System. ஆயிரக்கணக்கான வரிகள் இருந்தன. வலப்பக்கம் Filter Current Log என்பதில் `41,6008` என்று இரண்டு எண்களைக் கொடுத்ததும் எல்லாம் வடிந்து, எட்டே எட்டு வரி நின்றது. நாலு சாவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதிவு.

இந்த இரண்டு எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் பலமே இவைதான். 6008 என்பது, முந்தைய முறை கணினி இத்தனை மணிக்கு எதிர்பாராமல் அணைந்தது என்று சொல்லும் பதிவு. 41 என்பது Kernel-Power என்ற பெயரில் வரும். முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி கிளம்பியிருக்கிறது என்பது அதன் பொருள். இரண்டுமே அணைந்த நொடியில் எழுதப்படுவதில்லை. செத்தவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? அடுத்த முறை உயிர் வந்ததும்தான் எழுதும். அதனால் பதிவின் தலையில் இருக்கும் நேரம் நாம் பொத்தானை அழுத்திய நேரம். அணைந்த நேரம் 6008-இன் வாசகத்துக்குள் இருக்கும், அதுவும் சற்று முன்பின் ஆகலாம். நான் முதலில் தலை நேரத்தையே குறித்துக்கொண்டேன். என் நோட்டில் இருந்ததற்கும் அதற்கும் இருபது நிமிடம் இடித்தது. அப்படியே அனுப்பியிருந்தால் அந்த இடிப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டியிருப்பார்கள்.

41-ஐத் திறந்து Details என்ற பக்கத்துக்குப் போனால் இன்னும் இரண்டு விவரம் கிடைக்கும். `BugcheckCode` என்பதற்கு நேராக 0 இருந்தால், நீலத் திரைப் பிழை எதையும் விண்டோஸ் பதியவில்லை என்று அர்த்தம். `PowerButtonTimestamp` என்பதும் 0 என்றால், யாரும் பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து அணைத்ததாகப் பதிவு இல்லை. என்னுடைய நாலிலும் இரண்டுமே 0. "நீங்களே பொத்தானை அழுத்தியிருப்பீர்கள், குழந்தை அழுத்தியிருக்கும்" என்ற பேச்சுக்கு இதைவிடச் சின்ன பதில் இல்லை. அதே சமயம், இது எந்த உறுப்பு பழுது என்று சொல்லாது. மின்சாரம் அறுந்ததா, நினைவகமா, சூடா என்பதை இந்தப் பதிவிலிருந்து பிரிக்க முடியாது. தம்பியும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "என்ன பழுதுன்னு எழுதாதீங்க. என்ன நடந்துதுன்னு மட்டும் எழுதுங்க."

லாக்கை Save Filtered Log File மூலம் ஒரு பென்டிரைவில் வைத்தேன். கூடவே Command Prompt-ஐத் திறந்து பேட்டரிக்கும் ஓர் அறிக்கை எடுக்கச் சொன்னான்:

```
powercfg /batteryreport
```

இது ஒரு கோப்பை உருவாக்கி, எங்கே வைத்திருக்கிறது என்பதையும் காட்டும். அதில் DESIGN CAPACITY என்றும் FULL CHARGE CAPACITY என்றும் இரண்டு வரி உண்டு. பேட்டரி எவ்வளவு தாங்க வேண்டும், இப்போது எவ்வளவு தாங்குகிறது என்ற கணக்கு. என்னுடையதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பேட்டரியில் குறையே இல்லை என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பேட்டரி தேய்ந்துபோயிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

8ஆம் தேதி மாலை ரீசெட். மகள், "படம் புடிச்சு வைம்மா" என்று என் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து, பக்கத்தில் மேசைக் கடிகாரத்தையும் வைத்தாள். அவள் யோசனை எவ்வளவு நல்லது என்பது முக்கால் மணி நேரத்தில் தெரிந்தது. ரீசெட் 60 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் லேப்டாப் அணைந்தது. கடிகாரத்தில் 7:35. சார்ஜர் விளக்கு எரிகிறது. எல்லாம் ஒரே சட்டத்துக்குள். இரண்டாம் முயற்சியில் ரீசெட் முடிந்தது. மறுநாள் காலை எதுவும் நிறுவாமல் சும்மா ஓடவிட்டேன். மூன்று மணி 40 நிமிடம் ஓடிவிட்டு அணைந்தது.

"ரீசெட் செய்தாயிற்று, அப்படியும் அணைகிறது" என்று எழுதினேன். அன்று மாலையே பதில் வந்தது: தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லவும், உத்தரவாதத்தில் இலவசமாகப் பழுது பார்ப்பார்கள்.

இலவசம் என்றதும் கொஞ்சம் ஆடித்தான் போனேன். பிறகு விற்பனையாளரின் விதிப் பக்கத்தை முழுசாக உட்கார்ந்து படித்தேன். உத்தரவாதம் என்பது தயாரிப்பாளர் தருவது, அது ஒரு வருஷம் இருக்கும், எங்கும் ஓடிவிடாது. திருப்பிக் கொடுக்கும் உரிமை விற்பனையாளர் தருவது, அது நாலு நாளில் முடிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அங்கே ஒரு வாரம் கிடக்கும். திரும்பி வரும்போது அது பிரித்துப் பூட்டிய லேப்டாப். விதியில் இன்னொன்றும் இருந்தது. பழுதான பொருளைத் திருப்பினால் முழுப் பணம். மனம் மாறித் திருப்பினால் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே கோப்பாகச் சேமித்துக்கொண்டேன். பக்கங்கள் மாறலாம் இல்லையா.

கடிதத்துக்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. விண்டோஸே இல்லாத இடத்தில் இது அணையுமா? லேப்டாப்பைக் கிளப்பும்போதே பயாஸ் திரைக்குப் போய் அப்படியே விட்டேன். அங்கே விண்டோஸ் இன்னும் ஏறியிருக்காது. டிரைவர், அப்டேட், நாம் போட்ட மென்பொருள் எதற்கும் அங்கே வேலை இல்லை. அங்கே அணைந்தால் லாக்கிலும் எதுவும் பதியாது என்பதால் வீடியோதான் சாட்சி. மறுபடி போன், மறுபடி கடிகாரம். 23ஆவது நிமிடம் திரை கறுத்தது. இத்தனை நாள் அணையும்போதெல்லாம் வயிறு எரியும். அன்றைக்கு நானும் மகளும் கைதட்டினோம்.

10ஆம் தேதி இரவு கடிதம் எழுதினேன். வந்த நாளையும் ஒரு நாளாக எண்ணினால் 12ஆம் தேதியோடு கெடு முடிகிறது, எண்ணாவிட்டால் 13. எதற்கு வம்பு என்று 12 என்றே வைத்துக்கொண்டேன். பழைய மின்னஞ்சல் தொடரிலேயே, அதற்குப் பதிலாகவே அனுப்பினேன். முந்தைய பேச்சு முழுக்க அடியில் தொங்கும். எண்களை எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

---

பொருள்: ஆர்டர் எண் ……, லேப்டாப் வரிசை எண் ……. பழுதான பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருதல்.

வணக்கம்.

மேற்கண்ட லேப்டாப் 3ஆம் தேதி எனக்கு வந்து சேர்ந்தது. 10ஆம் தேதி வரை ஏழு முறை, முன்னறிவிப்பின்றித் தானாக அணைந்துள்ளது:

4ஆம் தேதி இரவு 9:10, சார்ஜரில்.
5ஆம் தேதி காலை 7:25, பேட்டரியில், 82 சதவீதம்.
6ஆம் தேதி மாலை 4:50, சார்ஜரில்.
6ஆம் தேதி இரவு 8:15, பேட்டரியில்.
8ஆம் தேதி இரவு 7:35, சார்ஜரில். நீங்கள் சொன்ன ரீசெட் நடந்துகொண்டிருந்தபோது.
9ஆம் தேதி காலை 10:20, சார்ஜரில். ரீசெட்டுக்குப் பின், வேறு மென்பொருள் எதுவும் நிறுவாத நிலையில்.
10ஆம் தேதி மாலை 5:42, சார்ஜரில். பயாஸ் திரையில், விண்டோஸ் ஏறும் முன்.

7ஆம் தேதி நீங்கள் கேட்டுக்கொண்டபடி அப்டேட்டும் ரீசெட்டும் செய்துவிட்டேன். பழுது நீங்கவில்லை. லேப்டாப் கீழே விழவில்லை, நனையவில்லை, திறக்கப்படவில்லை.

விண்டோஸ் பதிவுகளை இணைத்துள்ளேன். அவற்றில் Kernel-Power 41 பதிவு ஒவ்வொன்றிலும் BugcheckCode, PowerButtonTimestamp இரண்டும் 0. கடிகாரம் தெரியும்படி எடுத்த இரண்டு வீடியோக்களும், பேட்டரி அறிக்கையும், ரசீதும் இணைப்பில் உள்ளன.

இந்தப் பழுது விட்டு விட்டு வருவது. குறைந்தது 23 நிமிடத்திலும் அதிகபட்சம் 3 மணி 40 நிமிடத்திலும் அணைந்துள்ளது. ஆகவே பரிசோதிப்பவர் தொடர்ந்து 4 மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

சர்வீஸ் சென்டரில் பழுது பார்க்கும்படி 9ஆம் தேதி எழுதியிருந்தீர்கள். நான் கோருவது பழுது பார்ப்பதை அல்ல. உங்கள் விதிகளில் பழுதான பொருளுக்கு 10 நாளுக்குள் திருப்பும் வசதி உள்ளது. அந்தக் கெடுவுக்குள்ளேயே இதை எழுதுகிறேன். பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, செலுத்திய முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாம்.

12ஆம் தேதிக்குள் ஏற்பையும் எடுத்துச் செல்லும் நாளையும் எழுத்தில் தெரிவிக்கவும்.

---

குறைந்தது 23 நிமிடம் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. மற்ற தடவைகளில் எத்தனை நிமிடம் ஓடியது என்று நான் எப்போதும் குறிக்கவில்லை. குறித்தவரை அதுதான் குறைவு. முதல் நாளிலிருந்தே கிளப்பிய நேரத்தையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

நாலு மணி நேரம் ஓடவிடச் சொன்ன அந்த வரியைத் தம்பி தேவையில்லை என்றான், நான் பிடிவாதமாக வைத்தேன். விட்டு விட்டு வரும் பழுதுக்கு எமன் யார் தெரியுமா, பத்து நிமிடம் போட்டுப் பார்த்து "நல்லாத்தானே ஓடுது" என்று பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புகிறவர்தான்.

அதே இரவு அவர்களுடைய தளத்தில் திருப்பும் விண்ணப்பத்தையும் போட்டேன். காரணம்: பழுதான பொருள். விண்ணப்ப எண் வந்த திரையைப் படமெடுத்துக்கொண்டேன். கடிதம் மட்டும் போதாது. அவர்கள் கணக்கில் கெடு நிற்பது அந்த விண்ணப்பத்தால்தான்.

11ஆம் தேதி பதினொரு மணிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை பேசியவர் கடிதத்தைப் படித்திருந்தார். புது லேப்டாப் மாற்றித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றேன். "சரி மேடம், அடியில இருக்கிற வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பிடுங்க, 13ஆம் தேதி ஆள் வருவார்" என்றார். போனை வைத்த கையோடு, "இன்று 11 மணிக்குப் பேசியபடி, 13ஆம் தேதி எடுத்துச் செல்ல ஏற்றுக்கொண்டீர்கள், முழுப் பணம் திருப்பித் தரப்படும்" என்று இரண்டு வரி எழுதிப் படத்தோடு அனுப்பினேன். "உறுதி செய்கிறோம்" என்று மாலை பதில் வந்தது. 5ஆம் தேதியும் இதைச் செய்திருக்கலாம்.

ஆள் வருவதற்கு முன் எல்லாவற்றையும் அழிக்கும்படி இன்னொரு ரீசெட் போட்டேன். நல்ல வேளை, அது பாதியில் சாகவில்லை. என் கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்தும் இந்த லேப்டாப்பை நீக்கினேன். பெட்டி, சார்ஜர், உள்ளே இருந்த காகிதம் எல்லாம் வந்தபடி அடுக்கி, வரிசை எண் தெரிய ஒரு படம், மூடிய பெட்டிக்கு ஒரு படம். வந்தவரிடம் கையெழுத்திட்ட சீட்டு வாங்கிய பிறகுதான் பெட்டியைக் கொடுத்தேன்.

17ஆம் தேதி பரிசோதனைப் பிரிவிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "மேடம், நாலு மணி நேரம்னு எழுதியிருந்தீங்கல்ல, அதனாலதான் விட்டு வெச்சோம். இல்லன்னா அரை மணி நேரத்துல பாஸ் போட்டிருப்போம். மூணு மணி அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சுடுச்சு."

"எதுங்க பழுது?" என்று கேட்டேன். இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டிருந்தேனே.

"அது எங்களுக்குத் தெரியாது மேடம். நாங்க பிரிக்க மாட்டோம், அப்படியே கம்பெனிக்கு அனுப்பிடுவோம்."

22ஆம் தேதி பணம் வந்தது, பிடித்தம் இல்லாமல்.